பின்வரிசைத் தூண்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் கௌதம்ராஜின் கல்யாண மண்டபத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் மண்டபத்தைவிட ஊர்க்காரர்கள் பெரிதாகப் பேசுவது அதன் பக்கத்தில் நிற்கும் கார் நிறுத்தும் கட்டடத்தைத்தான். இரும்புத் தூண்கள், இரும்பு உத்தரங்கள், மேலே இரண்டு தளம். தேரோட்டத்தின்போது வெளியூர் வண்டிகளெல்லாம் அங்கேதான் ஏறும். மேல்தளத்தில் நின்றால் ஒரு பக்கம் கோபுரமும் இன்னொரு பக்கம் செண்பகத்தோப்பு மலையும் தெரியும்.

கட்டடம் எழும்பிப் பல வருடம் கழித்து, மண்டபத்தின் உரிமம் புதுப்பிக்கும் நேரத்தில், தீயணைப்புத் துறை அதிகாரி அந்தத் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். இரும்பு வெறுமனே நிற்கிறதே, கீழே ஒரு கார் தீப்பிடித்தால் இது எவ்வளவு நேரம் தாங்கும்? இரண்டு மணி நேரம் தாங்கும் என்று ஒரு பொறியாளர் ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்றார்.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் கௌதம்ராஜ் இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஒருவர் ஞானதுரை. ஐம்பது தாண்டியவர், கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் தொழிற்சாலைக் கட்டடங்களுக்குக் கணக்குப் போட்டவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பியானோ வாசிப்பவர். இன்னொருத்தி வெங்கடேஸ்வரி. மம்சாபுரத்தில் நிலம் உழும் சம்சாரி வீட்டுப் பெண், சென்னையில் மேற்படிப்பு முடித்து, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் அருகே மாடியில் அலுவலகம் போட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் கட்டட அமைப்புக் கணக்கு பார்க்கும் பெண் அவள் ஒருத்திதான். அந்த நினைப்பு அவளை நிமிர்த்தியும் வைத்திருந்தது, கொஞ்சம் விறைப்பாகவும் ஆக்கியிருந்தது.

மண்டபத்து அலுவலக அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். முதலில் ஞானதுரை பேசினார். நிதானமான ஆள், ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் தண்ணீர் குடிப்பார்.

"வெறும் இரும்பு கால் மணி நேரம் நின்னா பெருசு. தூண் உருகாது, ஆனா ஐநூறு, அறுநூறு டிகிரி வந்துச்சுன்னா பாதி பலம் போயிரும். மேல இருக்க பாரத்தத் தாங்க முடியாம வளைஞ்சிரும். பக்கம் தெறந்திருக்கதால புகையும் சூடும் கொஞ்சம் வெளிய போகும், அது நல்லதுதான். ஆனா இப்ப வர்ற காருல பிளாஸ்டிக் ஜாஸ்தி. ஒண்ணு பிடிச்சா பக்கத்து வண்டிக்கும் தாவும். எதாவது போர்த்தித்தான் ஆகணும்."

"எத போர்த்துறது?" என்றார் கௌதம்ராஜ்.

"நாலு வழி இருக்கு. வெர்மிகுலைட்னு ஒரு தாதுக் கலவைய ஸ்பிரே பண்ணலாம், மலிவு. ஆனா கார் மூக்கு இடிச்சா உதிர்ந்துரும். பலகை வெச்சு பெட்டி மாதிரி அடைக்கலாம், அதும் இடி தாங்காது. சூட்டுல உப்பி நுரை மாதிரி தடிக்கிற பெயிண்ட் இருக்கு, அழகா இருக்கும், ஆனா தூணோட கனத்தப் பொறுத்து அளவு மாறும். நாலாவது, கம்பி வலை சுத்தி கான்கிரீட் போர்த்துறது. தடியா இருக்கும், அஸ்திவாரம் தாங்குதான்னு பாக்கணும். ஆனா இடி தாங்கும். எதுன்னு முடிவு பண்ற முன்னாடி ஒவ்வொரு தூணையும் அளந்து பாத்துறணும்."

இந்த இடத்தில்தான் வெங்கடேஸ்வரி சிரித்தாள்.

"எல்லாம் ஒரே அளவு தூண்தான சார். கண்ணாலயே தெரியுதே. நீங்க இன்னும் அந்தக் காலத்து ஆளாவே இருக்கீய. கான்கிரீட்ட சுத்தி கல்யாண மண்டபத்த குடோன் ஆக்கப் போறீங்களா? ஒவ்வொரு தூணா அளக்கப் போனா அடுத்த தேரோட்டமே வந்துரும்."

கௌதம்ராஜும் சிரித்துவிட்டார். ஞானதுரை சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. தண்ணீரை எடுத்துக் குடித்தார். கௌதம்ராஜ் அழகை விரும்புகிறவர் என்பதை வெங்கடேஸ்வரி அறைக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டிருந்தாள். மெல்லிய தூண், அதில் சூட்டில் உப்பும் பெயிண்டின் வெள்ளைப் பூச்சு, மாலையில் அடியில் விளக்கு. வேலை அவளுக்குக் கிடைத்தது.

கட்டடத்தின் பழைய வரைபடம் யாரிடமும் இல்லை. கௌதம்ராஜின் அப்பா கட்டியது. அவரும் இப்போது இல்லை. வெங்கடேஸ்வரி முன்வரிசையில் ஒரு தூணைத் தேர்ந்து, இரும்புத் தகட்டின் கனத்தை வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தாள். அகலம், உயரம் அளந்தாள். தீயில் படும் பரப்பு எவ்வளவு, உள்ளே இருக்கும் இரும்பு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தாள். இந்தக் கணக்கின் சாரம் எளிது. பரப்பு அதிகமாகவும் இரும்பு குறைவாகவும் இருந்தால் தூண் சீக்கிரம் சூடேறும். பெயிண்ட் அதிகம் வேண்டும். அவளுக்குக் கிடைத்த எண் நல்ல எண். பெயிண்ட் கம்பெனியின் அட்டவணையில் இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று பார்த்து, எல்லாத் தூணுக்கும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பேச்சிமுத்து என்கிற மேஸ்திரியின் ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள். பழைய துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அதன் மேல் அந்தத் தடித்த பெயிண்டைப் பல தடவை அடித்தார்கள். சுந்தரபாண்டியத்து ஆள் பேச்சிமுத்து. ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு கருவியை வைத்துத் தடிமன் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார்.

வெங்கடேஸ்வரி மேற்பார்வைக்குப் போன ஒரு காலையில் பின்வரிசையில் வேலை நடந்துகொண்டிருந்தது. பின்பக்கம் கட்டடம் மண்டபத்தின் சமையல்கூடத்தை ஒட்டி நிற்கும். பெயிண்டின் தடிமன் பார்க்க ஒரு தூணின் விளிம்பைப் பிடித்தாள். விரல்களுக்கு இடையில் அது மெலிதாக இருந்தது. பெயிண்ட் அடித்த பிறகும் மெலிதாக இருந்தது.

அடுத்த தூணைப் பிடித்தாள். அதுவும் அப்படியே. முன்வரிசைக்கு நடந்து போய்ப் பிடித்துப் பார்த்தாள். அது விரல்களுக்குள் கனமாக இருந்தது.

யாரும் பார்க்காத மாதிரி ஒரு விளிம்பில் பெயிண்டைச் சுரண்டி வெர்னியரை வைத்தாள். முன்வரிசைத் தகடு பதினாறு மில்லிமீட்டர். இது பத்து. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அகலம், ஒரே உயரம், ஒரே வெள்ளை. பின்வரிசை முழுவதும் பிறகு சேர்த்துக் கட்டியது என்பது அவளுக்கு அந்த நிமிஷத்தில் புரிந்தது. மேலே பாரம் குறைவு என்பதால் யாரோ மெல்லிய தகட்டில் செய்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. பாரத்தைத் தாங்கத் தூண் போதும். நெருப்பைத் தாங்க அவள் எழுதிய பெயிண்ட்தான் போதாது.

காரிலேயே உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டாள். இந்தக் கனத்துக்கு இரண்டு மணி நேரம் என்று அட்டவணையில் தேடினால் கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பெயிண்டை அவ்வளவு மெல்லிய இரும்பில் அவ்வளவு நேரத்துக்குக் கம்பெனியே சோதித்துப் பார்க்கவில்லை. இப்போது அடித்திருக்கும் அளவுக்கு ஒன்றேகால் மணி நேரம் தாண்டினாலே அதிசயம்.

அவள் முகம் சுட்டது. வெயிலால் அல்ல. 'கண்ணாலயே தெரியுதே' என்று தான் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

வீட்டுக்குப் போய்க் கணவன் மாரிச்சாமியிடம் சொன்னாள். அவன் போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"பெயிண்ட் அடிச்சு மூடியாச்சுல்ல. அங்க என்னைக்கு தீப்பிடிக்கப் போவுது? பேசாம விடு."

அவளுக்காகத்தான் அவன் அப்படிச் சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். ஏனென்றால் காரில் உட்கார்ந்திருந்தபோது அவளும் அதே வார்த்தைகளைத்தான் நினைத்திருந்தாள்.

மறுநாள் விடவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. அதற்கடுத்த நாள் கௌதம்ராஜுக்குப் போன் செய்து மண்டபத்துக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று கோத்துக்கொண்டே போனாள். அங்கே உட்கார்ந்ததும் வாயில் வந்தது வேறு.

"சார், பின்வரிசைத் தூண் முன்வரிசை மாதிரி இல்ல. பொறவு சேத்துக் கட்டியிருக்காங்க. நீங்க எனக்குக் காட்டுனது முன்வரிசை மட்டுந்தான்."

சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் மோசம். கௌதம்ராஜின் முகம் மாறியது. நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ஆமா மேடம். எங்க நாயினா பின்னாடி ஒரு வரிசை இழுத்துக் கட்டுனாரு. நான் காலேஜ்ல இருந்தேன் அப்ப. எனக்கு ஞாபகமே இல்ல பாருங்க. உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோங்க."

கௌதம்ராஜ் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை. அவர் இரண்டு கையையும் சேர்த்தே கேட்டார். 'இல்ல சார், அளக்க வேண்டியது நான்' என்று சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது.

"பரவால்ல சார்," என்றாள்.

வெளியே வந்து பேச்சிமுத்துவைத் தேடினாள். பின்வரிசையில் அடித்த பெயிண்டையெல்லாம் சுரண்டி எடுக்கவேண்டும் என்றாள். அதன் மேல் பலகை வைத்து அடைக்கவும் முடியாது, கான்கிரீட்டும் போர்த்த முடியாது. சூட்டில் உப்பும் பெயிண்ட் உப்ப இடமில்லாமல் உள்ளே கிடந்தால் பிரயோஜனம் இல்லை, கான்கிரீட்டும் பிடிக்காது. எந்த வழியில் போனாலும் முதலில் இரும்பு தெரியவேண்டும்.

பேச்சிமுத்து தூணைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் சாரத்தின் மேலிருந்து இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான அடிச்சோம் மேடம். ஒவ்வொரு கோட்டும் நானே பாத்தேன். எங்க கொறையாப் போச்சு?"

"பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"பொறவு எதுக்குச் சொரண்டணும்?"

"மொதலாளிகிட்ட பேசியாச்சு," என்று மட்டும் சொன்னாள். பேச்சிமுத்து தலையை ஆட்டினார். ஆட்களிடம் திரும்பியபோது அவர் குரல் தாழ்ந்திருந்தது. "ஏலே, எறங்குங்க. நம்ம வேலதான் எங்கயோ கோளாறு போல."

அதைக் கேட்டுக்கொண்டே அவள் காருக்கு நடந்தாள். திரும்பிப் போய் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். போகவில்லை. ராஜபாளையம் வரும்வரை அந்த ஒரு வாக்கியத்தை விதவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். காருக்குள் அது சுலபமாகவே வந்தது.

அந்த வாரக் கடைசியில் கௌதம்ராஜ் திரும்பவும் கூப்பிட்டார். இந்தத் தடவை அறையில் ஞானதுரையும் இருந்தார். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உக்காருங்க மேடம். பின்வரிசைக்கு என்ன பண்றதுன்னு இவரும் சேந்து பாத்தா நல்லதுன்னு தோணுச்சு. உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. நான் பண்ணுன குழப்பத்துக்கு நீங்க தனியா கஷ்டப்படக்கூடாது பாருங்க." ஞானதுரை பக்கம் திரும்பினார். "சார், தப்பு முழுக்க என்னுது. பின்வரிசை தனின்னு நான் மேடத்துகிட்ட சொல்லவே இல்ல. அவியளால எப்படி அளக்க முடியும்? பேச்சிமுத்து ஆளுகளும் ஏதோ சரியா அடிக்கல போல, வருத்தப்பட்டாரு. பாதிக் கூலி போதும்னுட்டாரு."

ஞானதுரை வெங்கடேஸ்வரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சண்டை போட்டாவது நிமிர்ந்திருப்பாள். அவர் சங்கடப்பட்டார். அவளுக்காக அவர் சங்கடப்படுவது தெரிந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "ஆகட்டும், நடந்தது நடந்துபோச்சு. மேற்கொண்டு பாப்போம்," என்று தண்ணீர்க் குவளையை எடுத்தார்.

"இல்ல," என்றாள் வெங்கடேஸ்வரி.

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேஜையைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க சொல்லாதது தப்பில்ல சார். வரைபடம் இல்லாத கட்டடத்துல ஒவ்வொரு தூணையும் அளக்க வேண்டியது என் வேல. நான் ஒண்ண மட்டும் அளந்துட்டு மத்ததெல்லாம் அதேன்னு எழுதிட்டேன். அளக்கணும்னு இவிய இதே அறையில சொன்னாக. நான்தான் சிரிச்சேன். பேச்சிமுத்து அண்ணாச்சி வேலையில ஒரு கொறையும் இல்ல. நான் எழுதுன அளவுக்கு அவர் சரியா அடிச்சிருக்காரு. அந்த அளவே தப்பு. அன்னைக்கு நீங்க மன்னிப்புக் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல."

கௌதம்ராஜ் நாற்காலியில் சாய்ந்தார். அன்று சேர்த்த இரண்டு கைகளும் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். முகம் சிவந்தது, மெல்ல இறுகியது.

"அன்னைக்கு நான் எங்கம்மாகிட்ட போய்ச் சொன்னேன் மேடம். நாயினா பேரைக் கெடுத்துட்டேன்னு. அவங்க ரெண்டு நாளா அதையே பேசிட்டிருக்காங்க," என்றார். குரலை உயர்த்தவில்லை. "அளக்காதது கூட விடுங்க. அதச் சொல்லாம என்னைக் கை கூப்ப வெச்சீங்கல்ல."

அவள் தலை குனிந்தபடியே இருந்தாள். அழுகை வந்தது, இந்த இடத்தில் அழுதால் அதுவும் ஒரு தந்திரம் போலத் தெரியும் என்று விழுங்கிக்கொண்டாள்.

பேச்சைத் திரும்ப வேலைக்குக் கொண்டுவந்தது ஞானதுரைதான். மூவரும் பின்வரிசைக்குப் போனார்கள். இந்த முறை ஒலி அனுப்பித் தகட்டின் கனம் பார்க்கும் சின்னக் கருவியை ஞானதுரை கொண்டுவந்திருந்தார். அவர் அதை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே அளங்க. நான் எழுதிக்கிடுதேன்."

அவள் ஒவ்வொரு தூணிலும் கீழே, நடுவே, மேலே என்று வைத்து எண்ணைச் சொன்னாள். கௌதம்ராஜ் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையையும் ஒன்று விடாமல் அளந்தார்கள். அங்கே எல்லாம் கனமாகவே இருந்தது. அங்கே அடித்த பெயிண்ட் சரி. பின்வரிசை மொத்தமும் மெலிசு.

பிறகு மண்டபத்துத் திண்ணையில் உட்கார்ந்து வழிகளைப் பேசினார்கள். பெயிண்ட் இல்லை என்றாகிவிட்டது. ஸ்பிரே என்றால் பின்பக்கம் சமையல்கூடத்து வேன்கள் ரிவர்ஸில் வந்து இடிக்கிற இடம், முதல் மாதத்திலேயே உதிரும். உதிர்ந்த இடத்தில் ஈரம் ஏறி இரும்பைத் தின்னும். பலகை வைத்தால் முன்னால் வண்டி இடிக்காதபடி தடுப்புக் கம்பங்கள் தனியாக நடவேண்டும், ஏற்கெனவே வழி குறுகல். கான்கிரீட் போர்த்தினால் தடியாகும், ஆனால் இடியும் தாங்கும் தீயும் தாங்கும். கேள்வி அஸ்திவாரம் மட்டும்தான்.

"குழி தோண்டி அஸ்திவாரத்தப் பாத்துருவோம்," என்றாள் வெங்கடேஸ்வரி. "இருக்கும்னு நம்பி எழுத மாட்டேன்."

ஞானதுரை லேசாகத் தலையசைத்தார்.

தோண்டிப் பார்த்ததில் அஸ்திவாரம் தாராளமாகவே இருந்தது. மேலே இன்னொரு தளம் ஏற்றும் எண்ணத்தில் கௌதம்ராஜின் அப்பா பெரிதாகப் போட்டுவைத்திருந்தார். பின்வரிசைக்குக் கான்கிரீட் என்று முடிவாயிற்று. முதலில் கொடுத்த அறிக்கையை வெங்கடேஸ்வரி தீயணைப்பு அலுவலகத்துக்கு நேரில் போய்த் திரும்ப வாங்கினாள். ஏன் என்று அதிகாரி கேட்டார். காரணத்தைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துவிட்டு, "சரி, புதுசக் கொண்டாங்க," என்றார். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு வெகுநாள் மறக்கவில்லை.

பேச்சிமுத்துவிடம் போவதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அவருடைய ஆட்கள் சுரண்டிய பெயிண்டைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்கள் எல்லாரும் கேட்கும்படி நின்று சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்க வேலையில தப்பு இல்ல. நான் குடுத்த அளவுதான் தப்பு. அன்னைக்கு நீங்க கேட்டப்ப சொல்லாமப் போனது அதவிடத் தப்பு. முழுக் கூலியும் வாங்கிக்கோங்க, மொதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

பேச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். சந்தோஷப்பட்டது போலத் தெரியவில்லை. "சரி மேடம்," என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "கேட்டியளாலே? நம்ம மேல இல்லையாம்," என்றார். ஒருவன் மட்டும் சாரத்தின் மேலேயிருந்து, "அதான் அப்பவே சொன்னேன்," என்றான். மற்றவர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். அவளை உட்காரச் சொல்லி யாரும் டீ வாங்கி வரவில்லை. முன்பெல்லாம் வாங்கி வருவார்கள்.

கான்கிரீட் இறுகி, அதிகாரி வந்து பார்த்து, உரிமம் கிடைத்தது. ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு அந்தத் தளங்கள் முழுக்க வண்டிகள் நின்றன. பின்வரிசைத் தூண்கள் தடித்துப் பருத்து நின்றன. கௌதம்ராஜ் அதன் மேலேயே வெள்ளை அடித்து விளக்கும் போட்டுவிட்டார். பார்க்க அப்படியொன்றும் மோசமில்லை.

ராஜபாளையத்தில் அவர் புதிதாகக் கட்டும் கடைக்கு வேலையை ஞானதுரையிடம் கொடுத்தார். ஆனால் மண்டபத்தின் மேல்கூரையில் ஒரு சின்ன வேலை வந்தபோது வெங்கடேஸ்வரியைத்தான் கூப்பிட்டார். அவளே எதிர்பார்க்கவில்லை. சாரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, உத்தரம் போதுமானது என்று அவரிடம் சொன்னாள்.

கௌதம்ராஜ் முன்பு போல மரியாதையாகத்தான் நின்றிருந்தார். காபி வரவழைத்திருந்தார்.

"அளந்துட்டீங்களா மேடம்?" என்றார்.

"எல்லாத்தையும் அளந்துட்டேன் சார்."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

அவர் தலையசைத்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. அவள் காபியை வாங்கிக்கொண்டாள். கன்னம் மறுபடியும் சூடாவது அவளுக்குத் தெரிந்தது. இனி இந்த ஆளிடம் எந்தக் கணக்கைச் சொன்னாலும் இந்தக் கேள்வி வரும், வரும்போதெல்லாம் இப்படித்தான் சுடும் என்று நினைத்துக்கொண்டே அதைக் குடித்து முடித்தாள்.